பெயரா, படமா, சங்கிலியா, காரணமா: கிளைக்காலிசிஸுக்கு எந்தக் கார்டு எழுதுவது?

சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியில் மாலை நேரம் லேப் டெக்னீஷியன் படிப்புப் பிள்ளைகளுக்கும் நீட் எழுதப் போகிறவர்களுக்கும் உயிரியல் சொல்லித் தருகிறேன். போன வருஷம் ஆத்தூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை எழுதி ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். செல் சர்க்கரையைப் பத்துப் படியில் உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையான கிளைக்காலிசிஸுக்கு மட்டும் 42 கார்டு. "எல்லாம் வருதுங்க மிஸ், கேளுங்க" என்றாள்.

நாலாவது நொதி? அல்டோலேஸ். ஒன்பதாவது? ஈனோலேஸ். பத்தும் தடுமாறாமல் வந்தது. பழைய வேலையின் மிச்சமாக என் மேஜை டிராயரில் எப்போதும் இரண்டு மூன்று காலி டியூப் கிடக்கும். சாம்பல் மூடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தேன். சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்கும் டியூப் அது. உள்ளே சோடியம் ஃப்ளோரைடு இருக்கும், அது ஈனோலேஸை நிறுத்தும்.

"காலையில 7 மணிக்கு ஏற்காட்டுல ஒருத்தருக்கு இதுல ரத்தம் எடுக்கறோம். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் லேபுக்கு வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகுதுன்னு வெச்சுக்கோ. வந்து சேரும்போது சர்க்கரை அப்படியே இருக்குமா கண்ணு, குறைஞ்சிருக்குமா?"

"அப்படியேதானுங்க மிஸ் இருக்கும். அதான் ஃப்ளோரைடு போட்டிருக்கே."

குறைந்திருக்கும். எதுவும் கலக்காத டியூபில் வெளியே வைத்த ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். ஃப்ளோரைடு டியூபிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் குறையும், அப்புறம்தான் நிற்கும். மலையில் 128 என்று இருந்தது அடிவாரம் தாண்டி வரும்போது 120 பக்கம் வந்திருக்கலாம். வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்பது கணக்கு. நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு நோயாளியே தொலைந்துபோகலாம்.

ஏன் உடனே நிற்பதில்லை? இந்தக் கேள்விக்கு வேண்டிய எல்லாப் பெயரும் அவளுடைய கார்டுக் கட்டில் இருந்தது. எது முன்னால், எது பின்னால், ஒன்று நின்றால் மற்றது என்ன ஆகும் என்பது மட்டும் எந்தக் கார்டிலும் இல்லை. அதனால் பெயர், படம், சங்கிலி, காரணம் என்ற நான்கு வகைக் கார்டையும் இந்த ஒரே கேள்வியில் உரசிப் பார்ப்போம்.

முதலில் பாதையில் நமக்கு வேண்டிய அளவு மட்டும். ஒன்றாம் படியில் ஹெக்சோகைனேஸ், செல்லின் ஆற்றல் காசான ஏ.டி.பி.யில் ஒன்றைச் செலவழித்து குளுக்கோஸில் பாஸ்பேட் ஏற்றுகிறது. மூன்றாம் படியில் பி.எஃப்.கே. என்ற நொதி இன்னொரு ஏ.டி.பி. செலவழிக்கிறது. நாலாம் படியில் ஆறு கார்பன் மூலக்கூறு இரண்டாக உடைகிறது. அதன் பிறகு எல்லாமே இரட்டை. ஆறாம் படியில் என்.ஏ.டி. என்ற சுமைதூக்கி மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு என்.ஏ.டி.ஹெச். ஆகிறது. ஏழாம் படியில் இரண்டு ஏ.டி.பி. திரும்பி வருகிறது. ஒன்பதில் ஈனோலேஸ் தண்ணீர் மூலக்கூறு ஒன்றை உருவி எடுக்கிறது. பத்தில் மறுபடி இரண்டு ஏ.டி.பி., கையில் பைருவேட்.

பெயர்க் கார்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்பக்கம் எண், பின்பக்கம் நொதி. எழுத்துப் பிழை இல்லாமல் எழுத உதவும், ஒரு மார்க் கேள்விக்கு உதவும். "ஒன்பது" என்றால் "ஈனோலேஸ்" என்று வாய் சொல்லும், ஆனால் ஒன்பது என்ற எண்ணுக்கும் அங்கே நடக்கும் வேலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. செல்லுக்குள் யாரும் எண் ஒட்டி வைக்கவில்லை. பாஸ்போகிளிசரேட் கைனேஸ், பாஸ்போகிளிசரேட் மியூட்டேஸ் மாதிரி ஒன்றோடொன்று குழம்பும் ஜோடிகளுக்கு மட்டும் நான் பெயர்க் கார்டை அனுமதிப்பேன்.

படக் கார்டு இப்போது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. முழுப் பாதையின் படத்தை எடுத்து, பெயர்களை மறைத்து, ஒவ்வொன்றாகக் கேட்பது. ஆன்கி என்ற கார்டுச் செயலியில் 23.10 பதிப்பு முதல் இது உள்ளேயே வருகிறது, தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம். நோட்டை போட்டோ எடுத்து, பெட்டி இழுத்துவிட்டால் பத்தே நிமிடத்தில் இருபது கார்டு தயார். வரிசையும் படத்தில் கண்ணுக்குத் தெரிவதால், பெயர்க் கார்டைவிட இது நிச்சயம் ஒரு படி மேல்.

ஆனால் அந்தப் பெண்ணின் நோட்டில் பாதை தலைகீழ் 'ப' வடிவத்தில் இருந்தது. இடப்பக்கம் மேலே ஏறி, மேல் ஓரமாக நகர்ந்து, வலப்பக்கம் இறங்கும். பக்கம் போதவில்லை என்பதால் அப்படி வரைந்திருக்கிறாள், வேறு காரணம் இல்லை. நான் போர்டில் அதே பாதையை ஒரே நேர்க்கோடாக, பெயரில்லாமல் வரைந்து நிரப்பச் சொன்னேன். முதல் மூன்றும் கடைசி ஒன்றும் எழுதினாள், நடுவில் சாக்பீஸ் நின்றுவிட்டது. மூளை பிடித்துவைத்திருந்தது "வலது மேல் மூலையில் உள்ள பெட்டி" என்பதைத்தான். மறைப்பில் இரண்டு விதம் இருக்கிறது: Hide All, Guess One, அப்புறம் Hide One, Guess One. இரண்டாவதில் பக்கத்துப் பெயர்கள் எல்லாம் திறந்தே கிடக்கும், அது விடையை முக்கால்வாசி சொல்லிக்கொடுத்துவிடும். படக் கார்டுதான் வேண்டும் என்றால் முதல் விதத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை வெற்றுத்தாளில் வேறொரு வடிவத்தில் பாதையை வரைந்து பாருங்கள். வரைய வரவில்லை என்றால் மனப்பாடம் ஆனது போட்டோதான். டியூப் கேள்விக்குப் படக் கார்டு பாதி உதவும். ஈனோலேஸ் கடைசிக்கு முந்தின படி என்று தெரியவரும். அதனால் என்ன என்பது தெரியாது.

மூன்றாவது சங்கிலிக் கார்டு. கையில் இருக்கும் பொருளைச் சொல்லி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்பது. பத்துப் படிக்குப் பத்துக் கார்டு. இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு: வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஆகிவிடும். ஏழாம் படிக்கு முன்னால் என்ன என்று கேட்டால் குளுக்கோஸிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வருவார்கள். உதடு அசைவதைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

அதைத் தடுக்க, சங்கிலிக் கார்டின் பின்பக்கத்தில் அடுத்த பொருளின் பெயரோடு "அந்தப் படி ஏன் அங்கே இருக்கிறது" என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எனக்கு இந்த வகையில் பிடித்த இடமே இதுதான். எட்டாம் படியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கார்பனில் இருக்கும் பாஸ்பேட் இரண்டாம் கார்பனுக்கு நகர்கிறது, அவ்வளவுதான். ஏ.டி.பி. வருவதும் இல்லை, போவதும் இல்லை. வெறும் பெயராகப் படித்தால் மறந்துபோகும் முதல் படி இதுதான். ஆனால் பாஸ்பேட் இரண்டாவதில் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்பதாம் படியில் தண்ணீரை உருவும்போது அது பி.இ.பி. என்ற ஆற்றல் மிகுந்த பொருளாக முடியும். பத்தாம் படியில் ஏ.டி.பி. கிடைப்பதே அந்த பி.இ.பி.யால். ஆக எட்டு ஒன்பதுக்காக, ஒன்பது பத்துக்காக. இரண்டாம் படியும் அப்படித்தான். குளுக்கோஸ் வடிவத்தை ஃப்ரக்டோஸ் வடிவமாக மாற்றினால்தான் முதல் கார்பனில் இன்னொரு பாஸ்பேட் ஏற்ற வசதியான இடம் வரும், பிறகு நடுவில் சரிபாதியாக மூன்று மூன்று கார்பனாக உடைக்கவும் முடியும். இந்தக் காரணம் பிடிபட்டவருக்கு வரிசை மாறவே மாறாது. எட்டையும் ஒன்பதையும் இடம் மாற்றிச் சொன்னால் அவருக்கே உறுத்தும்.

இது காரணத்தில் ஒரு வகை: ஒரு படி தனக்கு அடுத்த படிக்கு எப்படி வழி செய்கிறது என்பது. நடுவில் ஒரு படி நின்றுபோனால் முன்னும் பின்னும் என்ன ஆகும் என்பது வேறு வகை. நாலாவது கார்டு அதற்குத்தான்.

காரணக் கார்டு எழுதுவது கஷ்டம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்று எழுதக் கால் மணி நேரம் ஆகும். அந்தப் பெண் முதலில் எழுதியது இப்படி: "ஃப்ளோரைடு ஈனோலேஸைத் தடுத்தால் என்ன ஆகும்?" பின்பக்கம் ஏழு வரி. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அவள் அதைத் திருப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரி சொன்னாள், திருப்பிப் பார்த்தாள், "ஆமாமா, இது தெரியும்" என்றபடி தெரிந்த கார்டுகளோடு சேர்த்துவிட்டாள். மீதி ஐந்து வரி அவளுக்குத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியாமலே போய்விட்டது. ஒரு கார்டுக்கு ஒரே ஒரு விளைவு, விடை ஒரு வரி. அதற்கு மேல் போனால் உடைத்தாக வேண்டும்.

உட்கார்ந்து உடைத்தோம். முன்பக்கத்தில் எந்தச் செல் என்று எழுதுவது முக்கியம். டியூபில் இருப்பது சிவப்பணு. அதற்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது, ஏ.டி.பி.க்கு கிளைக்காலிசிஸ் ஒன்றுதான் கதி. தசைச் செல் என்றால் விடையே வேறு. ஐந்து கார்டு வந்தது:

```
சிவப்பணு. ஈனோலேஸ் நின்றது. எது தேங்கும்?
  2-பாஸ்போகிளிசரேட் (அதற்கு முன் உள்ளதும்)
சிவப்பணு. ஈனோலேஸ் நின்றது. எது குறையும்?
  பி.இ.பி., பைருவேட்
அப்போது ஒரு குளுக்கோஸுக்கு ஏ.டி.பி. வரவு செலவு?
  செலவு 2, ஏழாம் படி வரவு 2, மிச்சம் 0
மிச்சம் 0 என்றால் ஹெக்சோகைனேஸ் உடனே நிற்குமா?
  இல்லை. இருப்பு ஏ.டி.பி. தீரும்வரை ஓடும்
இருப்பு எதனால் தீரும்?
  சோடியம் பம்ப் முதலிய வேலைகள் தின்றுவிடும்
```

மூன்றாவது கார்டில்தான் அவள் முகம் மாறியது. வழக்கமாக வரவு 4, செலவு 2, மிச்சம் 2. ஈனோலேஸ் நின்றால் பத்தாம் படியின் 2 வராது. ஏழாம் படியின் 2 முதலில் போட்ட முதலை ஈடுகட்டுவதோடு சரி. கடை நடக்கிறது, லாபம் இல்லை. வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சரக்கு வாங்கக் காசு இருக்காது. அந்தக் கட்டம் வரும்போதுதான் ஹெக்சோகைனேஸ் நிற்கும், அப்போதுதான் சர்க்கரை குறைவதும் நிற்கும். மலையிலிருந்து இறங்கும் அந்த ஒரு மணி நேரம் முழுவதும் கல்லாவில் காசு இருக்கிறது.

கார்டு நன்றாக வந்திருக்கிறதா என்று சோதிக்க, அடைப்பை இடம் மாற்றிக் கேட்பேன். சிட்ரேட்டால் ரத்தத்தை அமிலமாக்கும் வேறு வகை டியூப் ஒன்று உண்டு. அதில் ஹெக்சோகைனேஸும் பி.எஃப்.கே.யும் அமிலத்தன்மையால் அடங்கிவிடும். "இதுல எடுத்தா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "வாசல்லயே பூட்டிடறாங்க மிஸ், உடனே நின்னுடும்" என்றாள். சரி. அந்தக் கேள்விக்கு அவளிடம் கார்டே இல்லை. பெயர்க் கார்டாக இருந்தால் டியூபுக்கு ஒரு கார்டு என்று எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான்.

இந்த வகையின் குறையையும் சொல்ல வேண்டும். அடைப்புக் கேள்வி, பொருள் தட்டுப்பாட்டையும் தேக்கத்தையும்தான் பழக்கும். உடம்பில் பாதைகள் பெரும்பாலும் அடைபடுவதில்லை. சமிக்ஞையால் வேகம் கூட்டிக் குறைக்கப்படுகின்றன. பி.எஃப்.கே.யில் இது நன்றாகத் தெரியும். ஏ.டி.பி. அதற்குக் கச்சாப் பொருள். ஆகவே ஏ.டி.பி. கூடினால் வேகம் கூடும் என்றுதான் அடைப்புக் கார்டு பழகியவர் சொல்வார். உண்மையில் ஏ.டி.பி. அந்த நொதியில் வேறொரு இடத்திலும் போய் ஒட்டி அதை மெதுவாக்குகிறது, ஏ.டி.பி. செலவாகும்போது சேரும் ஏ.எம்.பி. கூடினால் அந்தத் தடை விலகுகிறது. ஏ.டி.பி. அப்படி ஒட்டுவது, செல்லில் ஆற்றல் போதும் என்ற செய்தி. கல்லா நிறைந்திருக்கும்போது புதுச் சரக்கு எதற்கு? இந்த மாதிரிக் கார்டின் மூலையில் "பொருள்" அல்லது "சேதி" என்று ஒரு சொல் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த வகைக் காரணம் கேட்கிறோம் என்பது முன்பக்கத்திலேயே தெரிய வேண்டும், இல்லையென்றால் கார்டு ஏமாற்றுகிற மாதிரி ஆகிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நீட்டுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, பாக்கி நிறைய என்றால் Hide All படக் கார்டும் பத்துச் சங்கிலிக் கார்டும் போதும். காரணக் கார்டு எழுத உட்காராதீர்கள், நேரத்தைத் தின்றுவிடும். லேப் படிப்போ நர்சிங்கோ மருத்துவமோ படிக்கிறவர் என்றால், அல்லது கையில் இரண்டு மாதம் இருந்தால், என் கை காரணக் கார்டின் பக்கம்தான் சாயும். ஆனால் சங்கிலி கைக்கு வந்த பிறகு. வரிசை தெரியாமல் காரணம் எழுதினால் "முன்னால் உள்ளது தேங்கும்" என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிவிட்டு, முன்னால் என்ன இருக்கிறது என்று முழிப்பார்கள். அவளுடைய 42 கார்டு கடைசியில் 22 ஆனது: பெயர் 4, சங்கிலி 10, காரணம் 8. படக் கார்டை நான் எடுக்கச் சொல்லவில்லை, அவளே அழித்துவிட்டாள். நான் இருந்தால் ஒன்றை வைத்திருப்பேன்.

ஒரு மாதம் கழித்து, ஊரில் பக்கத்துத் தோட்டத்தில் ஆடு ஒன்று மரவள்ளித் தழையை மேய்ந்து செத்துப்போன கதையோடு வந்தாள். சேகோ மில்லுக்குக் கிழங்கு போகும் ஊர், தழை எங்கும் கிடக்கும். தழையில் சயனைடு இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் சங்கிலியின் கடைசி நொதியை நிறுத்திவிடும் என்று மட்டும் சொல்லி, "ஆட்டோட ரத்தத்துல லாக்டேட் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டேன்.

ரப்பர் பேண்டைக் கழற்றி, கட்டைப் புரட்டி ஒரு கார்டை வெளியே எடுத்தாள். ஆறாம் படி: "என்.ஏ.டி. தீர்ந்தால் எது நிற்கும்?" அதை விரலால் தட்டிக்கொண்டே சொன்னாள்: "கடைசில வாங்க ஆள் இல்லீங்க மிஸ். என்.ஏ.டி.ஹெச். எலக்ட்ரானை இறக்கிவைக்க இடமில்லாம நிக்கும். அப்ப ஆறாம் படிக்கு என்.ஏ.டி. கிடைக்காது. அதை மீட்கணும்னா பைருவேட்டு தலையிலதான் எலக்ட்ரானைக் கட்டணும். அப்படின்னா லாக்டேட் ஏறும்."

"சரி. ஆனா செத்த ஆட்டோட சிரை ரத்தம் பளிச்சுன்னு சிவப்பா இருந்திருக்கும். அது ஏன்?"

கட்டை மறுபடி புரட்டினாள். அதற்கு அதில் கார்டு இல்லை. ஆக்சிஜனை வாங்கிச் செலவழிக்க ஆளில்லாததால் ரத்தம் கொண்டுபோன ஆக்சிஜனோடு அப்படியே திரும்பியிருக்கும் என்பதைச் சொல்ல அவளுக்கு இன்னும் இரண்டு நிமிடம் ஆனது. சொல்லிவிட்டு என்னிடம் ஒரு வெற்றுக் கார்டு கேட்டாள்.